பெரிய இடைவெளி வகுப்பின் ஓரத்தில்தான் இருக்கும்

*சேர், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10-க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 28 பிள்ளைகள். 75, 65, 50, 35 என்ற வழக்கமான எல்லைகளைத்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தவணை 75 எடுத்த பிள்ளைக்கு ஏ, 74 எடுத்த இருவருக்கு பி. பெற்றோர் வந்து கேட்டபோது என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. புள்ளிகளை வரிசையாக எழுதி, இயல்பாக இடைவெளி விழும் இடத்தில் எல்லையைப் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது என்று பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார். எப்படிச் செய்வது? செய்யலாமா? புள்ளிகள் இவை: 91, 88, 79, 76, 75, 74, 74, 71, 68, 67, 64, 63, 62, 61, 58, 57, 55, 52, 51, 49, 48, 46, 43, 41, 36, 34, 33, 22.*

செய்யலாம், ஓர் எல்லைக்கோட்டைச் சிறிது நகர்த்துவதற்கு மட்டும். எல்லா எல்லைகளையும் இடைவெளியே தீர்மானிக்கட்டும் என்று விட்டால், உங்கள் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் தந்த புள்ளிகளை வைத்தே பார்த்துவிடலாம். புள்ளிகளை முழுதாகத் தந்தது நல்லதாயிற்று. பலர் சராசரியை மட்டும் எழுதிவிட்டு யோசனை கேட்பார்கள்.

முதலில் ஒரு சதுரக்கோட்டுத் தாளை எடுங்கள். அடியில் 20 முதல் 95 வரை ஒரு கோடு. ஒரு கட்டம் ஒரு புள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரது புள்ளிக்கு நேரே ஒரு குற்று. 74-க்கு மேல் மட்டும் இரண்டு குற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். படம் ஐந்து நிமிட வேலை. கணினியில் செய்வதானாலும் இதைக் கையால் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் கணினி தரும் விடை சரியா என்று பார்க்க உங்களிடம் இருக்கப்போவது இந்தப் படம்தான்.

படத்தில் கண்ணில் படுவது என்ன? 22 எடுத்த பிள்ளை தனியாக நிற்கிறார். அவருக்கும் 33-க்கும் நடுவில் 11 புள்ளி வெறுமை. மேலே 79-க்கும் 88-க்கும் நடுவில் 9. அடுத்து 36-க்கும் 41-க்கும் நடுவில் 5. இவை மூன்றும்தான் பெயர் சொல்லக்கூடிய இடைவெளிகள். நான்காவதைத் தேடினால் 3 புள்ளி இடைவெளி எட்டு இடங்களில் இருக்கிறது. அவற்றில் எதைத் தேர்வது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஐந்து தரங்களுக்கு நான்கு வெட்டு வேண்டும். உங்கள் வகுப்பு மூன்றைத்தான் தருகிறது.

அந்த மூன்றையும் அப்படியே போட்டால் வருவது இது: 91, 88 ஒரு கூட்டம், 79 முதல் 41 வரை 22 பிள்ளைகள் ஒரே கூட்டம், 36, 34, 33 ஒரு கூட்டம், 22 தனி. 79 எடுத்தவருக்கும் 41 எடுத்தவருக்கும் ஒரே எழுத்து. 74-க்கும் 75-க்கும் இருந்த சண்டை தீர்ந்துவிட்டது உண்மைதான், வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே தரம் கொடுத்துத் தீர்த்திருக்கிறோம்.

இது உங்கள் வகுப்பின் துரதிர்ஷ்டம் அல்ல. எந்த வகுப்பை எடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். பிள்ளைகள் நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே ஒன்று, இரண்டுதான் இருக்கும். பிள்ளைகள் அரிதாக இருக்கும் இரு ஓரங்களிலும் இடைவெளி தானாகவே அகலும். இடைவெளியின் அகலம் அந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குத் தலைகீழாக ஓடுகிறது. ஆனால் தகராறு வருவதோ கூட்டம் நெருங்கி நிற்கும் இடத்தில். ஆகவே இந்த முறை, எல்லை தேவைப்படாத ஓரத்தில் எல்லையைத் தாராளமாகத் தரும். தேவைப்படும் நடுவில் கையை விரித்துவிடும். வகுப்பு சிறிதாக இருந்தால் வெறும் தற்செயலாகவே இடைவெளிகள் விழும். பெரிதாக, 200 பேர் எழுதும் வலய மட்டப் பரீட்சையாக இருந்தால், நடுப்பகுதியில் ஒவ்வொரு முழு எண்ணிலும் யாராவது இருப்பார்கள், இடைவெளியே இருக்காது.

இதைத் தாண்ட ஒரு நுட்பமான வழி உண்டு. உங்களுக்குப் பயிற்சியில் சொன்னவர் இதைத்தான் மனதில் வைத்திருந்தாரோ என்னவோ. நிலப்படங்களில் மாவட்டங்களுக்கு வண்ணம் தீட்டும்போது எத்தனை தொகை வரை ஒரு வண்ணம் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிலப்பட அறிஞர் ஜார்ஜ் ஜெங்ஸ் 1967-ல் முன்வைத்த இயல்புப் பிரிப்பு முறை இன்றும் நிலப்பட மென்பொருள்களில் இருக்கிறது. அதன் கணக்கு வேர் வால்டர் ஃபிஷர் 1958-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சராசரி காண். ஒவ்வொரு பிள்ளையும் தன் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை வர்க்கமாக்கிக் கூட்டு. அந்த மொத்தம் மிகக் குறைவாக வரும்படி வெட்டுகளைத் தேர்ந்தெடு. அவ்வளவுதான் கணக்கு. தனித்தனி இடைவெளியைப் பார்க்காமல் கூட்டம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்ப்பதால், எத்தனை கூட்டம் கேட்டாலும் பிரித்துத் தரும். பைதான் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், jenkspy என்ற நிரலகத்தை நிறுவிய பிறகு நான்கு வரி:

```python
import jenkspy
m = [91,88,79,76,75,74,74,71,68,67,64,63,62,61,
     58,57,55,52,51,49,48,46,43,41,36,34,33,22]
print(jenkspy.jenks_breaks(m, n_classes=5))
```

முதல் எண் மிகக் குறைந்த புள்ளி, மற்றவை ஒவ்வொரு கூட்டத்தின் உச்சம்: 22, 36, 52, 64, 79, 91. அதாவது 88, 91 ஏ. 67 முதல் 79 வரை பி. 55 முதல் 64 வரை சி. 41 முதல் 52 வரை எஸ். 36-க்குக் கீழே, 36 உட்பட, டபிள்யூ. பார்க்க அழகாக இருக்கிறது. எண்ணிக்கையும் 2, 8, 7, 7, 4 என்று சீராக விழுகிறது.

இப்போது இதை உங்கள் பழைய எல்லைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். 79, 76, 75 எடுத்த மூவரும் ஏ-யிலிருந்து பி-க்கு இறங்குகிறார்கள். 52, 51 எடுத்த இருவர் சி-யிலிருந்து எஸ்-க்கு. 36 எடுத்தவர் எஸ்-லிருந்து டபிள்யூ-க்கு. மேலே ஏறியவர் ஒருவரும் இல்லை. ஆறு வீடுகளிலிருந்து ஆட்கள் வருவார்கள்; 74-காரர்களின் பெற்றோருக்கு நீங்கள் சொல்லப்போகும் ஆறுதல், 75-காரரையும் கீழே இறக்கிவிட்டோம் என்பதுதான்.

இந்த முறை தன் விடைக்குத் தானே ஒரு நற்சான்றிதழும் கொடுக்கும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வகுப்பு முழுவதும் சேர்த்து விலகல் வர்க்கங்களின் கூட்டு 7899. ஐந்தாகப் பிரித்த பிறகு கூட்டங்களுக்குள் எஞ்சுவது 406. ஆக மொத்த வேறுபாட்டில் 95 சதவீதத்தைப் பிரிப்பு விளக்கிவிட்டது என்று வரும். 95 என்றதும் இந்த வகுப்பில் உண்மையிலேயே ஐந்து வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தோன்றும். தோன்றக் கூடாது. 1 முதல் 100 வரை ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே ஒரு பிள்ளை, எங்கும் இடைவெளியே இல்லாத ஒரு கற்பனை வகுப்பை எடுத்து இருபது இருபதாக வெட்டுங்கள். அதற்கு 96 சதவீதம் வருகிறது. இயல்பான கூட்டமே இல்லாத இடத்தில் உங்கள் வகுப்பைவிட உயர்ந்த எண். எதையும் ஐந்தாக வெட்டினால் வேறுபாட்டின் பெரும்பகுதி போய்விடும், அவ்வளவுதான். உங்கள் பழைய எல்லைகளுக்கும் இதே கணக்கைப் போட்டால் 92 வருகிறது.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். 67 எடுத்த பிள்ளையை பி-யிலிருந்து சி-க்கு மாற்றினால் எஞ்சும் தொகை 406-லிருந்து 408 ஆகிறது. 7899-ல் இரண்டு. அந்தப் பிள்ளையின் எழுத்து தொங்கிக்கொண்டிருப்பது அந்த நூலில். 74, 75 சண்டையில் ஒரு புள்ளியாவது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே பெற்றோரிடம் காட்ட அதுகூட இல்லை.

எல்லை எவ்வளவு தள்ளாடும் என்பதற்கு ஒரு சோதனை. பரீட்சையன்று காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பிள்ளை பிறகு எழுதி 83 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 79-க்கும் 88-க்கும் நடுவே இருந்த 9 இப்போது 4, 5 என்று உடைந்துவிட்டது. பெரிய இடைவெளி முறைப்படி நான்கு வெட்டுகளும் இப்போது கிடைத்துவிடுகின்றன: 91, 88 ஒரு தரம், 83 எடுத்தவருக்கு மட்டும் தனியாக ஒரு தரம், 79 முதல் 41 வரை அதே 22 பேர் ஒரே தரம். ஒரு பிள்ளை வந்ததால் புதிதாக ஒரு தரமே பிறந்திருக்கிறது. வராமலிருந்த ஒருவரின் விடைத்தாள் மற்றவர்களின் எல்லையை மாற்றுகிறது என்றால், அந்த எல்லை அந்தப் பிள்ளைகளின் கணித அறிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எக்செல் இருந்தால் இதை நீங்களே ஆட்டிப் பார்க்கலாம். புள்ளிகளை A2 முதல் A29 வரை இடுங்கள். B2, C2, D2 ஆகியவற்றில் முறையே இவற்றை இட்டுக் கீழே இழுங்கள். D மட்டும் 28-ஆம் வரிசையோடு நிற்கட்டும்.

```
=A2+RANDBETWEEN(-3,3)
=LARGE(B$2:B$29,ROW()-1)
=C2-C3
```

ஒவ்வொரு புள்ளியும் மூன்று வரை மேலோ கீழோ அசைந்து, மறுபடி வரிசையாகி, D-யில் இடைவெளிகள் தெரியும். F9-ஐ அழுத்த அழுத்தப் புதிய வகுப்பு. இரு ஓரத்துப் பெரிய இடைவெளிகள் அளவு மாறினாலும் பெரும்பாலும் நிற்கும்; நடுப்பகுதியில் இருந்த 3-கள் இடம் மாறி மாறி ஓடும். ஓடுகிற இடைவெளியில் எல்லை போடக் கூடாது.

மூன்று புள்ளி அசைவு என்பது மிகை அல்ல, குறைவு. பரீட்சைக்கு ஓர் அளவீட்டுப் பிழை உண்டு: புள்ளிகளின் நியம விலகலை, ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைப்பது. உங்கள் வகுப்பின் நியம விலகல் ஏறத்தாழ 17. நம்பகத்தன்மை என்பது மறுபடி எழுதினால் புள்ளிகள் எவ்வளவு ஒத்துவரும் என்று காட்டும், 0 முதல் 1 வரையான எண்; ஒரு தவணைப் பரீட்சைக்கு 0.9 என்பது தாராளமான மதிப்பு. அப்படியே கொண்டாலும் பிழை 5.4 வருகிறது. 74-க்குரிய திறன் உள்ள ஒரு பிள்ளை இதே தரத்து வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதினால், மூன்றில் இரண்டு முறை 69-க்கும் 79-க்கும் இடையே எங்காவது வருவார். மூன்றில் ஒரு முறை அதற்கும் வெளியே. இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும்போது இரண்டு பேரின் தள்ளாட்டமும் சேர்வதால் வித்தியாசத்தின் பிழை ஏழரை அளவுக்குப் போகும். ஆக 79-க்கும் 88-க்கும் இடையிலான அந்தப் பெரிய 9-கூட அந்தத் தள்ளாட்டத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவே. 74-க்கும் 71-க்கும் இடையிலுள்ள 3 அதற்குள் மூழ்கிப்போகிறது.

பெற்றோரின் கோணத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிர்ணயித்த கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் கொழுந்து மடுவத்தை அவர்களுக்குத் தெரியும். எல்லையின் கொடுமை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அளவு காலையில் மலைக்கு ஏறும் முன்பே தெரிந்தது. மாலையில் எல்லாரின் கொழுந்தையும் நிறுத்துவிட்டு, யாருக்கும் யாருக்கும் நடுவே இடைவெளி விழுகிறதோ அங்கே இன்றைய கிலோவை வைப்போம் என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இடைவெளியில் தரம் போடுவது அதுதான். தன் தரம் பக்கத்து மேசைக்காரரின் புள்ளியில் தங்கியிருக்கிறது. எல்லை எங்கே என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. பக்கத்து வகுப்பான 10 பி-யில் அதே 70-க்கு வேறு எழுத்து. அடுத்த தவணையோடு ஒப்பிட முடியாது. அடுத்த வருடம் சாதாரண தரத்தில் அந்தப் பிள்ளை சந்திக்கப்போவது வகுப்பின் இடைவெளிகளை அல்ல.

அப்படியானால் உங்கள் 74-களுக்கு என்ன வழி? நான் சொல்வது இது. எல்லைகள் 75, 65, 50, 35 ஆகவே இருக்கட்டும். தவணைத் தொடக்கத்திலேயே ஒரு விதியை அதிபரின் ஒப்புதலோடு அறிவித்துவிடுங்கள்: ஏ, பி, சி எல்லைகளுக்குக் கீழே மூன்று புள்ளிக்குள் வருபவர்களைப் பார்ப்போம்; அவர்களுக்குக் கீழே மூன்றோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால் எல்லையை அந்த இடைவெளி வரை இறக்குவோம்; எந்தக் காரணத்துக்காகவும் ஏற்ற மாட்டோம். இதில் இடைவெளிக்கு ஒரு சிறிய வேலைதான், கோடு யாருடைய கழுத்திலும் விழாமல் பார்ப்பது. அதுகூடத் திறனைப் பற்றிய கூற்று அல்ல, தகராறைக் குறைக்கும் ஏற்பாடு. 71-க்கும் 74-க்கும் திறனில் வேறுபாடு இருக்கிறது என்று யாரிடமும் வாதாடாதீர்கள்.

ஆனால் இடைவெளியைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு எல்லைக்கும் நான்கைந்து புள்ளி கீழே வரை உள்ள விடைத்தாள்களை, பெயரை மறைத்து, இன்னொரு கணித ஆசிரியரிடம் புள்ளியிடும் திட்டத்தோடு கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். கணிதத்தில் புள்ளி தொலைவது பெரும்பாலும் வழிமுறைப் புள்ளிகளில்தான்: இருபடிச் சமன்பாட்டில் காரணியைச் சரியாகக் கண்டு கடைசி வரியில் குறியை மாற்றிவிட்ட பிள்ளைக்கு ஒருவர் 3 கொடுப்பார், ஒருவர் 1 கொடுப்பார். இந்தத் திருத்தம் இடைவெளியைப் பார்ப்பதற்கு முன் முடிய வேண்டும். பின்னால் செய்தால், எல்லையை 74-ல் அறிவித்த மறுநாள் 71 எடுத்தவருக்கு இரண்டு வழிமுறைப் புள்ளி கூடி 73 ஆகும்; நீங்கள் சாய்ந்திருந்த இடைவெளி காணாமல் போய், அதே சண்டை 73-ன் பெயரில் திரும்பி வரும்.

இந்த விதியை இந்தத் தவணைத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தீர்கள், மறுதிருத்தத்திலும் எதுவும் மாறவில்லை என்று கொண்டால், உங்கள் வகுப்பில் விதி இப்படி ஓடும். 75-க்குக் கீழே 74, 74, அடுத்தது 71. இடைவெளி 3 இருக்கிறது, ஆகவே எல்லை இறங்குகிறது, இருவருக்கும் ஏ. 65-ஐ தொட வேண்டியதில்லை: மேலே 67, கீழே 64, கோடு ஏற்கனவே இடைவெளியில்தான் நிற்கிறது. 64-லிருந்து 61 வரை பிள்ளைகள் ஒட்டி ஒட்டி நிற்பதால் இறக்க இடமும் இல்லை. 50-க்குக் கீழே 49, 48, பிறகு 46. இடைவெளி 2 தான். விதிப்படி எல்லை அசையாது. 49 எடுத்தவரின் வீட்டில் மனக்கசப்பு இருக்கும். அவர்களிடம் இரண்டு ஆசிரியர்கள் திருத்திய விடைத்தாளையும் தவணைத் தொடக்கத்தில் அறிவித்த விதியையும் காட்டுங்கள். காட்ட இரண்டு தாள் கையில் இருக்கிறது என்பதே இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

35-ஐ விதியிலிருந்து நான் வேண்டுமென்றே விலக்கினேன். 34, 33-க்குக் கீழே 11 புள்ளி வெறுமை இருப்பதால் இடைவெளி பார்ப்பவருக்கு அது மிகவும் ஆசை காட்டும் இடம். அங்கே கோட்டை இறக்கினால் வகுப்பில் ஒரே ஒரு டபிள்யூ, அதிபருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மேலேயுள்ள எல்லைகள் பிள்ளைகளைத் தரம் பிரிக்கின்றன. இந்த எல்லை யாருக்கு மாலை வகுப்பு தேவை என்று சொல்கிறது. 33-க்கு எஸ் போட்டு அனுப்பினால் அந்த வீட்டில் பிள்ளை கரை சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். 36, 34, 33 மூவரையும் எழுத்தைப் பார்க்காமல் ஒரே மாலை வகுப்பில் போடுங்கள். 22 எடுத்தவரை அவர்களோடு சேர்க்க வேண்டாம். 11 புள்ளி தள்ளி நிற்பவருக்குத் தரம் 10 பாடத்தில் உதவி செய்து பயன் இருக்காது. பின்னமும் சதவீதமும் தெரியுமா என்று முதலில் பாருங்கள். வகுப்பின் ஓரத்தில் விழும் அந்தப் பெரிய இடைவெளியை நான் பயன்படுத்துவது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

தேர்ச்சி அறிக்கையில் எழுத்தோடு புள்ளியையும் எழுதுங்கள். எல்லையை இறக்கும் தவணையில் அந்தப் பாடத்துக்கு நேரே "ஏ எல்லை 74" என்று சிறிதாக ஒரு குறிப்புப் போட்டால், அடுத்த தவணை 74 எடுத்து பி வாங்கும் பிள்ளையின் தகப்பன் பழைய அறிக்கையோடு வரும்போது பதில் அதிலேயே இருக்கும்.